வாசிப்புக் குறிப்பிலிருந்து குறிப்புரைக்கு

பல்கலைக்கழகங்களிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்க்குத் தவணை ஒப்படையோடு சேர்த்து இன்னுமொரு வேலை விதிக்கப்படுவதுண்டு. கட்டுரையை எழுதுவதற்கு முன், அதற்கென வாசித்த ஆய்விதழ்க் கட்டுரைகளை நிரல்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் சில வரிகளிற் குறிப்புரை எழுதித் தருக என்பதே அவ்வேலை. இதனைக் குறிப்புரையுடன் கூடிய உசாத்துணைப் பட்டியல் என்பர். வெறும் உசாத்துணைப் பட்டியல், எந்தக் கட்டுரையை எங்கே தேடிக் காணலாம் என்பதை மட்டுமே சொல்லும். குறிப்புரையோ, அக்கட்டுரை யாது கூறுகின்றது, எதனை ஆதாரமாகக் கொண்டு கூறுகின்றது, எம்முடைய வினாவுக்கு அஃது எவ்வளவு தூரம் உதவும் என்பவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பார்வைக்கு இஃது எளிய வேலையே. வாசிப்புக் குறிப்புகள் கையில் இருக்கின்றன. அவற்றைச் சுருக்கி எழுதினால் முடிந்துவிடும் என்று பெரும்பாலோர் எண்ணுகின்றனர். இடறல் தொடங்குவது அங்கேதான். வாசிப்புக் குறிப்பு என்பது கட்டுரையாசிரியர் சென்ற வழியே அவர் பின்னாற் சென்று எழுதுவது. குறிப்புரை எழுதும்பொழுது மாணவர் தம் வினாவை முன்னே நிறுத்தி, கட்டுரையை அதன் பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. திருப்பாமற் சுருக்கினால் கிடைப்பது, கட்டுரையின் தலைப்பில் ஆசிரியரே அச்சிட்டிருக்கும் ஆய்வுச் சுருக்கத்தின் மங்கலான பிரதி. அதனை வாசிக்கும் விரிவுரையாளர், மாணவர் கட்டுரையை வாசித்தாரா, சுருக்கத்தை மட்டும் வாசித்தாரா என்று ஐயுறுவார். அந்த ஐயத்துக்கு இடமுண்டு.

எங்கள் ஒட்டுசுட்டானிலிருந்து வெளிவாரிப் பட்டத்துக்குப் பயிலும் மாணவியொருவரின் குறிப்புப் புத்தகத்தை, அவருடைய இசைவுடன், எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன். அவருக்கு வந்த வினா இது: பண்டைய இலங்கையின் பெருங்குளங்களைக் கட்டிக் காத்தவர் அரசரா, ஊரவரா? முத்தையன்கட்டுக் குளத்து நீரில் நெல் விளையும் பகுதிக்கு இஃது ஏட்டு வினா மட்டுமன்று. இன்றைக்கும் 80 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரை பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பிலும் இருக்கின்றன. எந்த வாய்க்காலைத் துப்புரவு செய்வது எவர் கடமை என்னும் பேச்சோ, கமக்காரர் கூட்டங்களில் ஓய்ந்தபாடில்லை.

அவர் தெரிந்துகொண்ட கட்டுரைகள் மூன்று. முதலாவது, ரோட்ஸ் மர்ஃபி 1957ஆம் ஆண்டில் ‘ஜேர்னல் ஒவ் ஏசியன் ஸ்டடீஸ்’ என்னும் ஆய்விதழின் 16ஆம் தொகுதியில் எழுதிய ‘பண்டைய இலங்கையின் அழிவு’. இரண்டாவது, ஈ. ஆர். லீச் 1959இல் ‘பாஸ்ட் அண்ட் பிரசென்ட்’ என்னும் ஆய்விதழின் 15ஆம் இதழில் எழுதிய ‘இலங்கையில் நீரியற் சமுதாயம்’. மூன்றாவது, அதே ஆய்விதழின் 53ஆம் இதழில், 1971இல், ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன எழுதிய ‘முன் இடைக்கால இலங்கையில் நீர்ப்பாசனமும் நீரியற் சமுதாயமும்’. நேயர்களின் வசதிக்காகத் தலைப்புகளை நான் தமிழிற் சொன்னேன். ஒப்படையில் அவ்வாறு செய்தலாகாது. ஆங்கிலத் தலைப்பு அச்சிட்டபடியே ஆங்கிலத்தில் நிற்றல் வேண்டும். விரும்பினால் தமிழ்ப் பொருளை அதன் பின்னே தரலாம். தமிழாக்கிய தலைப்பை மட்டும் எழுதிவிட்டால், அக்கட்டுரையைத் தேடிச் செல்பவர் எந்த நூலகத்திலும் அதனைக் காணமாட்டார்.

உசாத்துணை வரியை முதலில் எழுதி முடித்துக்கொள்வது நன்று. ஆசிரியர் பெயர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, ஆய்விதழின் பெயர், தொகுதி அல்லது இதழ் எண், முதற்பக்கமும் கடைசிப்பக்கமும் ஆகியவை அதில் வேண்டும். இவற்றுள் மாணவர் பெரிதும் வழுவுவது பக்க எண்ணில். இக்காலத்தில் கட்டுரைகள் இணையக் களஞ்சியங்களிலிருந்து கோப்பாக இறக்கப்படுகின்றன. கோப்பின் முன்னே களஞ்சியத்தார் ஒரு முகப்புத் தாளைச் சேர்த்திருப்பதுண்டு. அப்போது கணினித் திரை காட்டும் பக்க எண் ஒன்று, ஆய்விதழில் அச்சிட்ட பக்க எண் வேறொன்று. மர்ஃபியின் கட்டுரை 181ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. ஆகையால் திரையில் 2 என்றிருப்பதைக் கண்டு எவரும் ஏமாறுவதில்லை. குணவர்த்தனவின் கட்டுரையோ 3ஆம் பக்கத்திலிருந்து 27ஆம் பக்கம் வரை செல்வது. முகப்புத் தாளோடு கூடிய கோப்பில் அதன் முதற்பக்கம் திரையில் 2 எனத் தோன்றும். வேறுபாடு ஒன்றே ஒன்று. சிறிய வேறுபாடாதலால் கண்ணிற் படாது. கட்டுரை முழுவதும் ஒவ்வொரு மேற்கோளும் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். தாளின் மூலையில் அச்சிட்ட எண்ணையே குறிப்புப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது இதனாலே.

இனி, குறிப்புகளுக்கு வருவோம். லீச்சின் கட்டுரைக்கு மாணவி எழுதியிருந்த குறிப்பின் ஒரு பகுதி இவ்வாறு இருந்தது: ‘நீரியற் சமுதாயம். பெரிய வேலை, மையப் பணித்துறை, வல்லாட்சி. இலங்கை அப்படியன்று. கலாவெவ 1400 ஆண்டு. ஊர்க்குளம் ஊராரே. அரசு குலைந்தாலும் ஊர் வாழும். நல்ல கருத்து.’ வாசித்த அன்று இது போதுமானதாகவே இருந்திருக்கும். மூன்று வாரம் கழித்து இதனைக் கொண்டு அவர் எழுதிய முதற் குறிப்புரை வருமாறு: ‘இக்கட்டுரை நீரியற் சமுதாயம் பற்றி விரிவாக ஆராய்கின்றது. பெரிய நீர்ப்பாசன வேலைகள் வல்லாட்சியைத் தோற்றுவிக்கும் என லீச் கூறுகின்றார். கலாவெவவைக் கட்டுவதற்கு 1400 ஆண்டுகள் சென்றன. இக்கட்டுரை என் ஒப்படைக்கு மிகவும் பயனுள்ளது.’

நான்கு வாக்கியங்கள். முதலாவதும் நான்காவதும் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். எனவே எதனையும் சொல்லவில்லை. இடையிலுள்ள இரண்டும் பிழை. அப்பிழைகள் எவ்வாறு பிறந்தன என்பதை ஆராய்ந்தால் முழு வேலையின் நுட்பமும் விளங்கும்.

பெரிய நீர்ப்பாசன வேலைகளுக்கு ஒரு மையப் பணித்துறை வேண்டும், அஃது அரசனை வல்லாட்சியாளன் ஆக்கும் என்ற கொள்கை லீச்சினுடையதன்று. கார்ல் விற்ஃபோகல் என்பார் 1957இல் வெளியிட்ட ‘கீழைத்தேய வல்லாட்சி’ என்னும் பொருள்படும் நூலில் நிறுவ முயன்ற கொள்கை அது. லீச் அதனை மறுப்பதற்காக எடுத்துச் சொல்கின்றார். ஆய்விதழ்க் கட்டுரைகளின் இயல்பு இது: ஒருவர் தம் கருத்தைச் சொல்லுமுன் எதிர்க்கருத்தை நேர்மையாகவும் விரிவாகவும் எடுத்துரைப்பார். குறிப்பெடுப்பவர் முதற்பக்கங்களில் ஊக்கத்தோடு எழுதுவதால், மறுக்கப்பட்ட கருத்தே குறிப்பில் நிறைந்துவிடுகிறது. தமிழிற் குறிப்பெடுப்பதால் இந்த ஆபத்து மேலும் கூடுகின்றது. எழுவாயை விட்டுவிட்டுப் பெயர்ச்சொற்களை மட்டும் அடுக்கி எழுத எம்மொழி இடந்தரும். ‘என்று’, ‘என்கிறார்’ என்பவற்றை விட்டுவிட்டால் சொன்னவர் எவர் என்பது மறைந்துபோம். குணவர்த்தனவின் கட்டுரையிலும் இதே நிலைதான். அவர் விற்ஃபோகலையும் எடுத்துச் சொல்கின்றார். லீச்சையும் எடுத்துச் சொல்கின்றார். பிறகே தம் கருத்தைச் சொல்கின்றார். ஒரே கட்டுரைக்குள் மூன்று குரல்கள்.

இதற்குரிய முறை மிக எளியது. குறிப்பின் ஒவ்வொரு வரியின் முன்னும் ஓர் எழுத்து இடுக. விற்ஃபோகலின் கருத்தாயின் ‘வி’, லீச்சின் கருத்தாயின் ‘லீ’, வாசிக்கும் எம்முடைய எண்ணமாயின் ‘நான்’. ஆசிரியரின் சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோட்குறி இடுக. எம் சொல்லில் மாற்றி எழுதினால் குறி வேண்டாம், பக்க எண் மட்டும் போதும். ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் எழுதியதை மேற்கோட்குறிக்குள் இடுதல் கூடாது. ஆசிரியர் அச்சொற்களை ஒருபோதும் சொன்னவரல்லர். முன்னரே எழுதி முடித்த குறிப்புகளுக்கும் இந்த எழுத்துகளைப் பின்னர் இடலாம். கட்டுரையை மீண்டும் திறந்து, ஐயமுள்ள வரிகளை மட்டும் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அம்மாணவிக்கு லீச்சின் கட்டுரைக்கு இவ்வேலை செய்ய ஒரு மாலைப்பொழுது சென்றது. எழுத்து இட முடியாமல் நின்ற வரிகள்தாம் பெரும்பாலும் பிழைபட்ட வரிகள்.

இரண்டாவது பிழை ஓர் எண்ணைப் பற்றியது. ‘கலாவெவ 1400 ஆண்டு’ என்பது குறிப்பு. கலாவெவ தாதுசேனன் காலத்தில், கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்தது என்பதை எங்கள் பத்தாம் வகுப்பு மாணவரும் அறிவர். ஓர் அரசன் கட்டிய குளத்துக்கு 1400 ஆண்டு செல்லுமா? இந்த இடறல் ஏற்பட்டதும் கட்டுரைக்குத் திரும்ப வேண்டும். திரும்பிப் பார்த்தால், லீச் பேசுவது குளத்தைப் பற்றியன்று. கலாவெவவிலிருந்து கால்வாய் வழியே அனுராதபுரத்துத் திசாவெவ வரை நீளும் முழுத் தொகுதியைப் பற்றி. அடியிலுள்ள திசாவெவ ஏறத்தாழக் கி.மு. 300இல் தோன்றியது, தலையிலுள்ள கலாவெவ அதற்கு 800 ஆண்டுகளின் பின் எழுந்தது, திருத்தங்களும் கூட்டுதல்களும் மேலும் 600 ஆண்டுகள் நடந்தன. 800உம் 600உம் சேர 1400. இப்பொழுது அந்த எண்ணின் பயன் என்னவென்று தெரிகின்றது. வேலை நீண்டகாலம் எடுத்தது என்று வியப்பதற்காக லீச் அதனைச் சொல்லவில்லை. பதினான்கு நூற்றாண்டுகளிற் சிறிது சிறிதாக வளர்ந்த ஒன்றை, ஒரே வல்லாட்சி ஒரே திட்டத்தின் கீழ் ஆட்களைத் திரட்டிக் கட்டிய பெருவேலையாகக் கொள்ள முடியாது என்பதற்காகவே சொல்கின்றார். எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது, அவ்வெண் எந்த வாதத்துக்குத் துணையாக வந்தது என்பதையும் அதே வரியிற் குறித்தால், பின்னர் இவ்விடரில்லை.

குரல்களும் எண்களும் சரியான பின், மூன்று கட்டுரைகளையும் ஒரே தாளிற் கொண்டுவருதல் வேண்டும். ஒரு பெரிய தாளில் மூன்று நிரைகள். நிரைக்கு ஒரு கட்டுரை. குறுக்கே நான்கு கட்டங்கள்: ஆசிரியர் எழுப்பும் வினா, அவர் விடை, அவர் சான்று, என் வினாவுக்கு அதனால் வரும் பயன். கட்டங்களை நிரப்பும்போது குறிப்புப் புத்தகத்தைப் பார்க்காமல் முதலில் எழுதிப் பார்ப்பது நல்லது. எது நினைவில் நிற்கின்றதோ அதுவே பெரும்பாலும் கட்டுரையின் முதுகெலும்பு. பின்பு புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். இத்தாளிற் சில கட்டங்கள் வெறுமையாக நிற்கும். அதுவும் ஒரு செய்தியே. ‘சான்று’ என்ற கட்டம் வெறுமையாயின், மாணவர் முடிவுரையை மட்டும் வாசித்திருக்கிறார் என்று பொருள்.

இவ்வாறு தாள் நிரம்பிய பின் லீச்சுக்கு அம்மாணவி எழுதிய குறிப்புரை இது: ‘பெரும் நீர்ப்பாசன வேலைகள் மையப் பணித்துறையையும் வல்லாட்சியையும் வேண்டி நிற்பவை என்ற விற்ஃபோகலின் கொள்கையை லீச் இலங்கைச் சான்று கொண்டு மறுக்கின்றார். கலாவெவ, திசாவெவத் தொகுதி ஏறத்தாழ 1400 ஆண்டுகளிற் படிப்படியாக வளர்ந்தமையைக் காட்டி, அதனை ஒரே ஆட்சியின் திட்டமாகக் கொள்ளலாகாது என்கின்றார். மைய அரசு தளர்ந்து பெருவேலைகள் பழுதுற்றபோதும், ஊர்க்குளங்களை ஊரவரே பேணி வாழ்ந்தனர் என்பது அவர் வாதத்தின் மறுபாதி. அண்மைக்கால ஊர் வழக்கைக் கொண்டு பழங்காலத்தை எவ்வளவு தூரம் ஊகிக்கலாம் என்பது கேட்கத்தக்கது. ஊரவரே என்னும் விடைக்கு இது முதன்மைத் துணை. எனினும் குணவர்த்தனவின் விமர்சனத்தோடு சேர்த்தே கொள்ள வேண்டும்.’

நான்காவது வாக்கியத்தைக் கவனியுங்கள். லீச் ஒரு மானிடவியலாளர். 1954இல் அனுராதபுரத்துக்கு வடக்கேயுள்ள புல் எலிய என்னும் குளத்தூரிற் கள ஆய்வு செய்து, 1961இல் அவ்வூரைப் பற்றித் தனிநூல் வெளியிட்டவர். அவர் எந்தத் துறையிலிருந்து பேசுகிறார் என்பதை அறிந்தால், அவர் சான்றின் வலிமையும் எல்லையும் ஒருங்கே தெரிகின்றன. மதிப்பீடு என்பது ‘நன்று’, ‘தீது’ என்று சொல்வதன்று. ‘நல்ல கருத்து’ என்று குறிப்பில் எழுதியிருந்த இடத்தில், எதற்கு நல்லது, எதுவரை நல்லது என்று கேட்டபோதுதான் அந்த வாக்கியம் பிறந்தது.

குணவர்த்தன வரலாற்றாசிரியர், கல்வெட்டுகளையும் வரலாற்று ஏடுகளையும் சான்றாகக் கொள்பவர். பெருந்தொகுதிகளுக்கு ஓர் ஊரின் எல்லைக்கு அப்பாற்பட்ட ஒழுங்கமைப்பு வேண்டியிருந்தது என்பது அவர் கருத்து. ஆயினும் நீரின் மேலுள்ள உரிமை அரசனிடம் மட்டும் குவிந்திருக்கவில்லை. விகாரைகளிடமும் தனியாரிடமும் பரவிக் கிடந்தது என்கின்றார். மாணவியின் முதற்பிரதியில் ‘குணவர்த்தன லீச்சை மறுக்கின்றார்’ என்றிருந்தது. ‘மறுக்கின்றார்’ என்ற வினைச்சொல் இங்கே பொருந்துமா? லீச்சைப் போலவே குணவர்த்தனவும் விற்ஃபோகலின் வல்லாட்சியை ஏற்கவில்லை. வேறுபடுவது, பெருவேலைகளை ஊரளவிலே வைத்து விளக்கலாமா என்ற இடத்திலே. ஆகவே ‘லீச்சின் முடிவை ஒருபாதி ஏற்று, பெருந்தொகுதிகள் பற்றிய பாதியைத் திருத்துகின்றார்’ என மாற்றி எழுதினார். குறிப்புரையில் வினைச்சொல்லே கட்டுரைகளுக்கிடையிலான உறவைக் காட்டுவது. மறுக்கிறார், ஐயுறுகிறார், திருத்துகிறார், விரிக்கிறார், வேறொரு வினாவை எழுப்புகிறார் என்பவை ஒன்றுக்கொன்று மாற்றாகா. எல்லாவற்றுக்கும் ‘கூறுகிறார்’ என்றே எழுதிச் செல்லும் பட்டியலில் கட்டுரைகள் ஒன்றையொன்று அறியாதவை போல நிற்கும். மேலும், அரசரா ஊரவரா என்னும் இரண்டுக்கும் நடுவே விகாரையும் தனியாரும் உளர் என்பது தெரிந்தபின், ஒப்படையின் வினாவே சற்று விரிந்துவிடுகின்றது. அதனைக் குறிப்புரையின் கடைசி வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டார்.

மர்ஃபிக்கு அவர் எடுத்திருந்த குறிப்பு ஒன்பது பக்கம். மற்ற இரண்டுக்கும் சேர்த்தே அவ்வளவில்லை. காரணம், கட்டுரை தெளிவாக எழுதப்பட்டது, வாசிக்க இனியது. ஆனால் மர்ஃபி எழுப்பும் வினா, குளங்களைக் காத்தவர் எவர் என்பதன்று. உலர்வலயத்தின் பழைய குடியிருப்புகள் ஏன் கைவிடப்பட்டன என்பது. படையெடுப்பு, மலேரியா, காலநிலை மாற்றம், மண்வளம் குன்றல் ஆகிய காரணங்களை எடுத்து நிறுத்துப் பார்க்கின்றார். அம்மாணவியின் வினாவுக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி. எனவே குறிப்புரை மூன்று வாக்கியங்களோடு அமைந்தது. மூன்றாவது வாக்கியம், ‘காத்தவர் இல்லாதொழிந்தபோது நேர்ந்தது என்ன என்பதை அறிய மட்டும் பயன்படும்’ என்று முடிந்தது. உழைத்து எடுத்த குறிப்பை விட்டுவிட மனம் வராது. என்றாலும் குறிப்பின் நீளம் குறிப்புரையின் நீளத்தைத் தீர்மானிக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் 100 முதல் 150 சொல் என்று விரிவுரையாளர் எல்லை வகுத்திருந்தால், நெருங்கிய கட்டுரைக்கு மேலெல்லையையும் தூரத்துக் கட்டுரைக்குக் கீழெல்லையையும் கொள்ளலாம்.

ஒழுங்கு பற்றி ஒரு சிறு சொல். பட்டியல் ஆசிரியர் பெயரின் அகரவரிசையிற் செல்லும். ஆங்கில எழுத்தின்படி குணவர்த்தன, லீச், மர்ஃபி என்று வரும். தமிழ் எழுத்தின்படி குணவர்த்தன, மர்ஃபி, லீச் என்று வரும். பெயர்களை எந்த எழுத்தில் எழுதுகிறோமோ அந்த வரிசையையே கொள்ளல் வேண்டும். தமிழ் நூல்களும் உளவாயின் இரண்டையும் கலவாமல் தனித்தனிப் பகுதியாக வைப்பதே நன்று. எந்த வரிசையிலும் குணவர்த்தன முதலில் வந்து, அவர் விமர்சிக்கும் லீச் பின்னரே வருவதால், ‘கீழே காண்க’ என்ற சிறு சுட்டு அங்கே தேவைப்படும். வெளிவந்த ஆண்டு வரிசையில் அமைக்க அனுமதி உண்டாயின், 1957, 1959, 1971 என்று வாதம் வளர்ந்த முறை தானாகவே விளங்கும். விரிவுரையாளரைக் கேட்டு அறிந்துகொள்ளலாம்.

கடைசியாக ஒரு குறை அத்தாளிற் புலப்பட்டது. மூன்று கட்டுரைகளின் சான்றுகளும் பெரும்பாலும் அனுராதபுரத்தையும் இராசரட்டையையும் சார்ந்தவை. வன்னிக் குளங்களைப் பற்றிய வாதத்தை இவற்றின் மேல் ஏற்றிச் சொல்ல மாணவிக்கு ஆசை இருந்தது. ‘பயன்’ என்ற கட்டத்தில் முத்தையன்கட்டின் பெயரையும் எழுதியிருந்தார். கட்டுரையாசிரியர் சொல்லாததைக் குறிப்புரையில் அவர் வாயில் இடுதல் முறையன்று. ஆகவே அப்பெயரை எடுத்துவிட்டு, ‘வன்னிக்கு இம்முடிவு பொருந்துமா என்பதை வேறு சான்று கொண்டு ஆராய வேண்டும்’ என்று லீச்சின் குறிப்புரையோடு ஒரு வரி சேர்த்தார். அந்த வேறு சான்றுக்கு ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைநூல் இருக்கின்றது. அஃது ஆய்விதழ்க் கட்டுரை அன்று. குடியேற்ற ஆட்சியின் அலுவலர் ஒருவர் தொகுத்த நூல். ஆய்விதழ்க் கட்டுரைகளை மட்டும் கேட்ட இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஒப்படையின் உடலில் அதனை எடுத்தாளும்போது, வாதமாக அன்றி, அக்காலத்து நிருவாகப் பதிவாகவே கொண்டு, அதிலுள்ள தகவல்களுக்கு அச்சிட்ட பக்க எண்ணைத் தந்து செல்ல வேண்டும்.